இரவு 9:42க்கு அனுப்பிய ஒரு வரி

நான் ஒன்பது பேர் கொண்ட ஓர் அணியை நடத்துகிறேன். வாடிக்கையாளர்களின் கணக்கு விவரங்களைத் திரட்டி மாத அறிக்கை தயாரிப்பது எங்கள் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு 9:42க்கு, அணியில் சேர்ந்து ஐந்து மாதமே ஆகியிருந்த ஒரு பெண்ணுக்கு நான் இப்படி எழுதினேன்: "மூன்றாவது அட்டவணையில் கூட்டுத்தொகை சரிதானா என்று ஒருமுறை பார்க்க வேண்டும்." செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு முன் பார்த்தால் போதும் என்பது என் எண்ணம். மறந்துவிடக் கூடாதே என்று, நினைவு வந்த நேரத்தில் எழுதிவிட்டு உறங்கப் போனேன்.

அந்தப் பெண் அந்த இரவே கணினியைத் திறந்திருக்கிறார். மூலக் கோப்பைத் திறக்கும் அனுமதி அவருக்கு இல்லை. அனுமதி உள்ள இன்னொருவரைப் பதினொரு மணிக்கு எழுப்பிக் கோப்பை வாங்கியிருக்கிறார். அது முந்தைய மாதத்துக் கோப்பு. தூக்கக் கலக்கத்தில் இருவருமே அதைக் கவனிக்கவில்லை. அந்தக் கோப்போடு ஒப்பிட்டு, சரியாக இருந்த கூட்டுத்தொகையை மாற்றிவிட்டு, 1:20 மணிக்கு "சரிசெய்துவிட்டேன், மேடம்" என்று எழுதியிருந்தார். காலையில் அதைப் பார்த்தேன். "அருமை! அந்த நேரத்திலும் முடித்துவிட்டீர்களே" என்று பதில் போட்டேன்.

மதியம் கணக்கு ஒத்துவராதபோதுதான் நடந்தது முழுவதும் தெரிந்தது. "ஏன் இரவே பார்த்தீர்கள்? காலையில் பார்த்திருக்கலாமே" என்று கேட்டேன். அவர் சற்று விழித்துவிட்டுச் சொன்னார்: "நீங்கள் அனுப்பினீர்களே, மேடம்."

என் வரியில் 'உடனே' என்ற சொல் இல்லை. ஆனால் 'செவ்வாய்க்கிழமை' என்ற சொல்லும் இல்லை. ஞாயிறு இரவு அணித் தலைவரிடமிருந்து வரும் ஒரு வரியில் எதுவும் சொல்லாமல் விட்டால், படிப்பவர் தம் அச்சத்தைக் கொண்டுதான் அந்த இடத்தை நிரப்புவார். காலையில் நான் போட்ட "அருமை!" அதைவிடப் பெரிய தவறு. இரவில் செய்தால் பாராட்டு கிடைக்கும் என்று அவருக்கும், எங்கள் குழுவில் அதைப் படித்த மற்ற ஏழு பேருக்கும் நானே கற்றுக்கொடுத்துவிட்டேன்.

அன்று மாலை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மூன்று வாரச் செய்திகளைப் பின்னோக்கிப் படித்தேன். மாலை ஏழு மணிக்கும் காலை எட்டு மணிக்கும் இடையே வந்தவற்றை மட்டும் எண்ணினேன். அறுபதுக்கு மேல் இருந்தன. பாதிக்கு மேல் நான் எழுதியவை. மறுநாள் காலைக்குள் பதில் வந்தே ஆக வேண்டும் என்று சொல்லத்தக்கவை இரண்டே இரண்டு. இந்த வேலையை நீங்களும் ஒருமுறை செய்து பார்க்கலாம். அரை மணி நேரம் போதும். அணியிடம் எதையும் சொல்வதற்கு முன், செய்திகள் யாரிடமிருந்து கிளம்புகின்றன என்று தெரிந்திருக்க வேண்டும். தலைவரிடமிருந்துதான் கிளம்புகின்றன என்றால், "நீங்கள் பதில் போட வேண்டாம்" என்று அணிக்கு அறிவுரை சொல்வதில் பயனில்லை.

நான் முதலில் போட்ட விதி

குற்ற உணர்ச்சியில் மறுநாளே ஒரு விதி போட்டேன்: "இரவு 7 மணி முதல் காலை 9 மணி வரை குழுவில் யாரும் செய்தி அனுப்பக் கூடாது." முதல் வாரம் குழு அமைதியாக இருந்தது. விதி வேலை செய்கிறது என்று மகிழ்ந்தேன். உண்மையில் செய்திகள் நிற்கவில்லை, தனிப்பட்ட உரையாடல்களுக்கு இடம் மாறியிருந்தன. குழுவில் இருந்தபோது என் கண்ணில் பட்டவை இப்போது படவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது வாரம், அணியில் ஒருவர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். அவர் மாலை மூன்று முதல் ஐந்து வரை குழந்தையைப் பார்த்துக்கொண்டு, இரவு ஒன்பதுக்கு மேல் இரண்டு மணி நேரம் வேலை செய்பவர். நான் ஒப்புக்கொண்ட ஏற்பாடுதான் அது. "இனி நான் எழுதுவதெல்லாம் விதிமீறலா?" என்று கேட்டார். அவருடைய வாழ்க்கைக்கு வசதியாக இருந்த ஒன்றை, அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து நான் குற்றமாக்கியிருந்தேன்.

மூன்றாவது வாரம் நடந்தது இன்னும் மோசம். எங்களுக்கு ஒவ்வொரு நாளும் இரவு பத்தரைக்கு ஒரு தரவேற்றம் ஓடும். அது நின்றுவிட்டால் மறுநாள் காலை வாடிக்கையாளர்கள் பழைய தொகையைப் பார்ப்பார்கள். அன்று அது பாதியில் நின்றது. தற்செயலாக அதைக் கவனித்தவர் குழுவில் எழுதத் தொடங்கி, நேரத்தைப் பார்த்துவிட்டு அழித்துவிட்டார். காலை எட்டரைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் பல வாடிக்கையாளர்கள் புகார் சொல்லியிருந்தார்கள். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. நான் போட்ட விதியை அவர் அப்படியே கடைப்பிடித்திருந்தார்.

கறாரான விதி கேட்பவர் காதுக்கு மட்டும் உறுத்துவதில்லை, வேலையையும் கெடுக்கிறது என்று அன்று உணர்ந்தேன். 'கூடாது' என்ற சொல்லைக் கேட்டவர்களில் பாதிப் பேர் வேறு வழி தேடினார்கள், மீதிப் பேர் தேவையான நேரத்திலும் வாய் திறக்கவில்லை.

அனுப்புபவருக்கும் படிப்பவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு

விதியை எடுத்துவிட்டு என்ன செய்வது என்று தேடியபோது ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. லாரா ஜுர்ஜ், வனெசா போன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்டது. வேலை நேரத்துக்கு வெளியே வரும் அவசரமில்லாத மின்னஞ்சலைப் பெறுபவர், எவ்வளவு விரைவில் பதிலை எதிர்பார்க்கிறார்கள் என்பதை, அனுப்பியவர் உண்மையில் எதிர்பார்ப்பதைவிட மிகையாகவே கணிக்கிறார் என்று அதில் கண்டார்கள். அனுப்பியவரே "இது அவசரமில்லை, உடனே பதில் தேவையில்லை" என்று ஒரு வரி சேர்த்தால் அந்த வேறுபாடு குறைகிறது என்பதும் அவர்கள் கண்டதுதான்.

எனக்கு நடந்ததற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது. இதைப் படித்தபின் என் முயற்சியின் திசையே மாறியது. படிப்பவரைப் பார்த்து "பொருட்படுத்தாதீர்கள்" என்று சொல்வதை விட்டுவிட்டு, அனுப்புபவரைப் பார்த்து "எப்போதைக்குள் வேண்டும் என்று எழுதுங்கள்" என்று சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன். பொறுப்பு அனுப்புபவரிடம் இருந்தால் படிப்பவர் ஊகிக்க வேண்டியதே இல்லை. அனுப்புபவருக்கோ அது ஐந்தாறு சொற்கள் எழுதும் வேலை.

அந்த ஐந்தாறு சொற்கள் எவை என்பதில் நான் பலமுறை தடுமாறினேன். முதலில் "நேரம் கிடைக்கும்போது பாருங்கள்" என்று எழுதிவந்தேன். அது பணிவாகத் தோன்றும், ஆனால் பயன்படாது. தலைவர் சொல்லும் 'நேரம் கிடைக்கும்போது' என்பதை இளையவர்கள் 'சீக்கிரம், ஆனால் நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை' என்றே எடுத்துக்கொண்டார்கள். 'அவசரமில்லை' என்பது அதைவிட மேல். எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்தது கிழமையும் நேரமும்தான். "வியாழன் மதியம்வரை போதும்" என்று எழுதினால் அதில் ஊகிக்க எதுவுமில்லை. படித்தவர் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு உறங்கப் போகலாம்.

இதில் எதிர்பாராத ஒரு பயனும் இருந்தது. கிழமையை எழுத வேண்டும் என்றபோதுதான், எனக்கே அது எப்போது வேண்டும் என்று யோசிக்கத் தொடங்கினேன். பல செய்திகளை அந்த இடத்திலேயே அழித்துவிட்டேன். அவை யாருக்கும் எப்போதும் தேவைப்படாதவை.

நாங்கள் எழுதிய குறிப்பு

பிறகு ஒருநாள் அணியோடு நாற்பது நிமிடம் உட்கார்ந்து ஒரு குறிப்பு எழுதினோம். என்னுடைய முதல் வரைவை அவர்கள் நிறையவே மாற்றினார்கள். இறுதியில் வந்தது இது:

"நம் வழக்கமான நேரம் காலை 9:30 முதல் மாலை 6:30 வரை. அதற்கு வெளியே யாரும் தம் வசதிக்கேற்ப எழுதலாம். படிப்பவர் அப்போது பதில் தர வேண்டியதில்லை. அடுத்த வேலை நாள் மதியம் 12 மணிக்குள் பதில் வந்தால் போதும். எப்போதைக்குள் வேண்டும் என்பதை அனுப்புபவர் எழுதுவார். எழுதவில்லை என்றால் அவசரமில்லை என்று பொருள்.

இரவுத் தரவேற்றம் நின்றுபோனால், ஒரு வாடிக்கையாளரின் விவரம் இன்னொருவர் கண்ணில் பட்டால், மறுநாள் காலைப் பணிக்கு உங்களால் வர முடியாமல் போனால், செய்தி அனுப்ப வேண்டாம். அந்த வாரப் பொறுப்பாளரைத் தொலைபேசியில் அழையுங்கள். அவர் எடுக்கவில்லை என்றால் என்னை அழையுங்கள். சந்தேகமாக இருந்தால் அழைத்துவிடுங்கள். அழைத்தபின் அவசரமில்லை என்று தெரியவந்தால் யாரும் வருந்த வேண்டாம்."

இவ்வளவுதான். பார்க்கச் சிறியதாக இருந்தாலும் இதில் சில சொற்களுக்காக நிறையவே பேசினோம். நான் 'பதில் தரக் கூடாது' என்று எழுதியிருந்ததை, இரவில் வேலை செய்பவர் 'பதில் தர வேண்டியதில்லை' என்று மாற்றினார். முதலாவது ஆளைக் கட்டுப்படுத்துகிறது, இரண்டாவது விடுவிக்கிறது. அந்த ஒரு மாற்றத்திலேயே குறிப்பின் கறார்த்தனம் பெருமளவு போய்விட்டது.

பதிலுக்கான நேரத்தைக் காலை 9:30 என்று வைக்காமல் மதியம் 12 என்று வைத்ததற்கும் காரணம் உண்டு. 9:30 என்று வைத்தால், அலுவலகம் தொடங்கும்போது பதில் தயாராக இருக்க வேண்டும் என்று நினைத்து ஏழு மணிக்கே எழுந்து மின்னஞ்சலைத் திறப்பவர்கள் இருக்கிறார்கள். மதியம்வரை நேரம் என்றால் வேலை நேரத்துக்குள்ளேயே படித்து, யோசித்து, எழுத இடமிருக்கிறது.

ஆனால் குறிப்பில் மிக முக்கியமான வரி எது என்று கேட்டால், "எழுதவில்லை என்றால் அவசரமில்லை என்று பொருள்" என்பதைத்தான் சொல்வேன். எல்லோரும் எல்லா நேரமும் கிழமை எழுத மாட்டார்கள். நானும் மறப்பேன். மறந்தால் என்ன பொருள் என்பதை முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டால், மறதியால் யார் இரவும் கெடாது. இந்த வரி இல்லாமல் நேரம் குறிக்கும் பழக்கத்தை மட்டும் கொண்டுவந்தால், நேரம் குறிக்காத செய்திகள்தான் இனி அவசரமோ என்று ஒரு புது அச்சம் பிறக்கும்.

அழைப்புக்கென்று ஒரு கதவு

அவசரத்துக்கு ஒரே ஒரு வழிதான் இருக்க வேண்டும், அது செய்திகள் வராத வழியாக இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அவசரமும் குழுவிலேயே வரலாம் என்றால் எல்லோரும் இரவெல்லாம் குழுவைப் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள். தொலைபேசி மணி அடித்தால் மட்டும் அவசரம் என்றால் மற்ற எதையும் பார்க்க வேண்டாம்.

இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. பலர் இரவில் தொலைபேசியை 'தொந்தரவு செய்யாதே' நிலையில் வைத்துவிடுகிறார்கள், வைக்கவும் வேண்டும். அப்போது அழைப்பு ஒலிக்காது. ஐபோனில் `Allow Repeated Calls` என்ற அமைப்பு இருக்கிறது. அதை இயக்கி வைத்தால், ஒரே எண்ணிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் இரண்டாவது முறை அழைப்பு வரும்போது மணி ஒலிக்கும். ஆண்ட்ராய்டிலும் இதே போன்ற அமைப்பு உண்டு. அங்கே பொதுவாகப் பதினைந்து நிமிடம். ஆகவே குறிப்பில் பின்னர் ஒரு வரி சேர்த்தோம்: "எடுக்கவில்லை என்றால் மூன்று நிமிடத்துக்குள் மீண்டும் ஒருமுறை அழையுங்கள்." பொறுப்பு வாரம் தொடங்கும் அன்று மாலை, பொறுப்பாளர் தொலைபேசியை அந்த நிலையில் வைத்து, இன்னொருவரை இரண்டு முறை அழைக்கச் சொல்லிச் சரிபார்த்துவிடுவார். ஒரு நிமிட வேலைதான். முதல் மாதத்தில் ஒருவருக்கு இந்த அமைப்பு அணைந்திருந்ததை இப்படித்தான் கண்டுபிடித்தோம்.

பொறுப்பை வாரத்துக்கு ஒருவர் என்று சுற்றில் விட்டிருக்கிறோம். அதற்கு ஈடாக வாரம் முடிந்ததும் அவருக்கு அரைநாள் விடுப்பு. இரவில் அழைப்பு வந்து உண்மையிலேயே வேலை செய்தால் மறுநாள் தாமதமாக வரலாம். இந்த ஈடு இல்லாமல் சுற்று மட்டும் வைத்திருந்தால், எட்டுப் பேரின் சுமையை ஒவ்வொரு வாரமும் ஒருவர் தலையில் இறக்கியதாகத்தான் ஆகியிருக்கும்.

இது எப்படி நடக்கிறது என்பதற்கு ஒரு புதன்கிழமையைச் சொல்கிறேன். தரவேற்றம் மீண்டும் ஒருமுறை நின்றது. கவனித்தவர் இரவு 10:52க்குப் பொறுப்பாளரை அழைத்தார். எடுக்கவில்லை. 10:54க்கு மீண்டும் அழைத்தார். எடுத்தார். வட்டில் இடம் நிரம்பியிருந்ததுதான் காரணம். பழைய தற்காலிகக் கோப்புகளை நீக்கிவிட்டு மீண்டும் ஓடவிட்டு, 11:35க்கு முடித்தார். குழுவில் யாரும் எதுவும் எழுதவில்லை. மற்ற ஆறு பேருக்கும் எனக்கும் மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு பத்தி வந்தது: என்ன நடந்தது, எப்படிச் சரியானது, இனி நடக்காமலிருக்க என்ன செய்ய வேண்டும். அதை எழுதியவர் முதலில் கவனித்தவர். பொறுப்பாளர் பதினொன்றரைக்கு வந்தார். அவர் ஏன் தாமதம் என்று யாரும் கேட்கவில்லை.

இன்னொரு முறை என்னையே ஒருவர் இரவு ஒன்பதரைக்கு அழைத்தார். அறிக்கையில் ஓர் எழுத்துப்பிழை, காலையில் பார்த்திருக்கலாம். "சொன்னதற்கு நன்றி, இது காலைவரை காத்திருக்கும். நீங்கள் நிம்மதியாக இருங்கள்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். இந்த இடத்தில் குரலில் சிறிது எரிச்சல் தெரிந்தாலும் அவர் அடுத்த முறை அழைக்க மாட்டார். அந்த அடுத்த முறை தரவேற்றம் நின்ற நாளாக இருக்கலாம். மறுநாள் பேச்சோடு பேச்சாக, எழுத்துப்பிழைக்குச் செய்தி போதும் என்று சொன்னேன். இதுவரை தேவையில்லாமல் வந்த அழைப்புகள் மொத்தம் மூன்றுதான்.

நேரம் குறித்து அனுப்புவதில் உள்ள சிக்கல்

இரவில் எழுதி, காலையில் போய்ச் சேரும்படி வைக்கும் வசதியை நான் நிறையப் பயன்படுத்துகிறேன். ஜிமெயிலில் அது `Schedule send` என்று இருக்கும். அணித் தலைவர்களுக்கு இது மிக நல்ல கருவி. என்ன எழுதினாலும் எழுதாவிட்டாலும், தலைவரிடமிருந்து இரவில் வரும் செய்தி இளையவர்களைச் சிறிதாவது உலுக்கும். காலையில் வந்தால் உலுக்காது.

ஆனால் முதல் வாரத்தில் எல்லாவற்றையும் 9:30க்கு வைத்தேன். ஒரு திங்கட்கிழமை காலை ஒருவருக்கு என்னிடமிருந்து ஒரே நிமிடத்தில் பதினொரு மின்னஞ்சல்கள் போய்ச் சேர்ந்தன. வார இறுதி முழுவதும் சேர்ந்த என் நினைவுகள், அவர் உட்கார்ந்ததும் அவர் மேல் கொட்டின. அதன்பின் ஒருவருக்கு எழுத வேண்டியவற்றை ஒரே வரைவில் சேர்த்துக்கொண்டே போய், ஒரே மின்னஞ்சலாகப் பத்தேகால் மணிக்குப் போகும்படி வைக்கிறேன். அனுப்புவதற்குமுன் காலையில் ஒருமுறை படிக்கிறேன், ஏனென்றால் இரவில் கேட்ட கேள்விக்குக் காலைக்குள் விடை கிடைத்திருக்கும். விடை தெரிந்த கேள்வி போய்ச் சேர்ந்தால், படிப்பவர் எது பழையது எது புதியது என்று தெரியாமல் இரட்டை வேலை செய்வார்.

மேலே இருப்பவரிடம் சொல்வது

அணிக்குள் இத்தனையும் செய்தபின்பும், எனக்கு மேலே இருந்த அதிகாரி இரவு பத்து மணிக்குக் கேள்விகள் அனுப்பிக்கொண்டிருந்தார். அவற்றுக்கு நான் இரவே பதில் எழுதினால், விவரம் கேட்டு அணியில் யாரையாவது எழுப்ப வேண்டியிருக்கும். அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று பல நாள் தயங்கினேன்.

"வேலை நேரத்துக்குப் பிறகு என்னால் பதில் அளிக்க இயலாது" என்று சொன்னால் அது கதவைச் சாத்துவது போலிருக்கும். கடைசியில் இரவுச் செய்தி எதுவும் வராத ஒரு மதிய வேளையில், வேறு வேலை பேசி முடித்தபின், இப்படிச் சொன்னேன்: "சார், நீங்கள் இரவில் அனுப்புவதைக் காலையில் முதல் வேலையாகப் பார்த்து, பத்தரைக்குள் சரியான விவரத்தோடு பதில் அனுப்பிவிடுகிறேன். இரவே தெரிந்தாக வேண்டியது ஏதாவது இருந்தால் என்னை அழைத்துவிடுங்கள், எந்த நேரமானாலும் எடுக்கிறேன்." அவர் உடனே, "எனக்கும் காலையில் வந்தால் போதும், மறந்துவிடக் கூடாது என்றுதான் அனுப்புகிறேன்" என்றார். ஞாயிறு இரவு எனக்கிருந்த அதே எண்ணம்தான் அவருக்கும். அடுத்த நான்கு மாதங்களில் அவர் இரவில் அழைத்தது இரண்டு முறை. இரண்டும் உண்மையிலேயே அவசரம்.

அந்த வாக்கியத்தில் மூன்று செய்திகள் இருக்கின்றன: எப்போது பதில் வரும், அதில் அவருக்கு என்ன நன்மை, அவசரம் என்றால் என்ன வழி. என்னால் முடியாதது எதுவும் அதில் இல்லை. சொல்லும் நேரமும் முக்கியம். அவருடைய இரவுச் செய்திக்குப் பதிலாக இதை எழுதியிருந்தால் கோபமாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் சொன்னபடி பத்தரைக்குப் பதில் போகவில்லை என்றால் இந்த ஏற்பாடு இரண்டே நாளில் உடைந்துவிடும். முதல் இரண்டு வாரம் ஒருநாளும் தவறாமல் பார்த்துக்கொண்டேன். விவரம் முழுமையாகக் கிடைக்காத நாட்களில், எது தெரியும், மீதி எப்போது தெரியும் என்றாவது எழுதினேன்.

சில நாடுகளில் இப்போது இதற்குச் சட்டமே இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல், வேலை நேரத்துக்கு வெளியே வரும் தொடர்புக்குப் பதிலளிக்க மறுக்கும் உரிமை நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்த மறுப்பு நியாயமற்றதாக இருக்கக் கூடாது என்கிறது சட்டம். எதற்காகத் தொடர்புகொண்டார்கள், அது எவ்வளவு இடையூறு, அதற்குக் கூடுதல் ஊதியம் உண்டா, அவர் வகிக்கும் பொறுப்பு என்ன என்பவற்றையெல்லாம் சேர்த்தே எடைபோட வேண்டும் என்கிறது. சட்டமே இவ்வளவு வளைந்து கொடுக்கும்போது, ஒன்பது பேர் கொண்ட அணிக்கு அதைவிட இறுக்கமான விதி எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நான் கவனிக்கும் ஒரு சொல்

ஏற்பாடு வேலை செய்கிறதா என்று அணியிடம் நேரடியாகக் கேட்டால் எல்லோரும் "நன்றாக இருக்கிறது" என்றே சொல்வார்கள். நான் பதில்களின் முதல் சொல்லைப் பார்க்கிறேன். நான் மாலை எட்டு மணிக்கு அனுப்பியதற்கு மறுநாள் 9:40க்குப் பதில் வருகிறது. அது "மன்னிக்கவும், தாமதமாகிவிட்டது" என்று தொடங்கினால், அந்த ஆளுக்குக் குறிப்பு இன்னும் போய்ச் சேரவில்லை என்று பொருள். குறிப்பைப் படித்திருப்பார், ஆனால் நம்பவில்லை. அப்படி வரும்போது குழுவில் எதுவும் சொல்ல மாட்டேன். தனியே, "தாமதமே இல்லை, மதியம்வரை உங்களுக்கு நேரம் இருந்தது" என்று எழுதுவேன். இரண்டு மூன்று முறை எழுதிய பிறகு அந்த மன்னிப்பு நின்றுவிடுகிறது.

இரவில் வரும் பதில்களைப் பாராட்டுவதையும் அடியோடு விட்டுவிட்டேன். இரவு பதினொன்றுக்கு யாராவது எதையாவது முடித்து அனுப்பினால் காலையில்தான் பதில் எழுதுகிறேன், செய்த வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், செய்த நேரத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதுவதில்லை. தொடர்ந்து இரண்டு வாரம் ஒரே ஆளிடமிருந்து இரவில் வேலை வந்தால், பகலில் அவருக்கு என்ன நடக்கிறது என்று கேட்கிறேன். ஒருவருக்குக் கூட்டங்கள் அதிகமாகிப் பகல் முழுவதும் அதிலேயே போய்க்கொண்டிருந்தது. அவருடைய இரவு பதில்களை நிறுத்த நான் செய்ய வேண்டியிருந்தது, அவரை இரண்டு கூட்டங்களிலிருந்து விடுவித்ததுதான்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு பேசுகிறோம். போன முறை, அன்று ஞாயிறு இரவு விழித்திருந்த அதே பெண், "யாரும் வருந்த வேண்டாம்" என்ற கடைசி வரியை மாற்றச் சொன்னார். "அழைத்தவர் வருந்த வேண்டாம் என்பது சரி, மேடம். எடுத்தவர் என்ன சொல்ல வேண்டும் என்று இதில் இல்லையே" என்றார். இப்போது அந்த இடத்தில், "எடுத்தவர் நன்றி சொல்லிவிட்டு, எது காலைவரை காத்திருக்கலாம் என்பதைச் சொல்வார்" என்று இருக்கிறது. அடுத்த வாரப் பொறுப்பாளர் அவர்தான்.